நிலுவையிலிருந்து படிக்கட்டுக்கு: பயிற்சிக் கட்டணத்துக்காகச் சேமித்த ஒருவருக்குச் சென்ற வாராந்திரக் குறுஞ்செய்தி குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

உறுப்பினர்களிடம் வாரந்தோறும் சிறு தொகைகளைப் பெற்றுச் சேமித்து வைக்கும் ஒரு சங்கத்தில், ஒவ்வோர் உறுப்பினருக்கும் வாரம் ஒரு முறை சேமிப்பு நிலவரத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் பணி எங்களுடையது. உறுப்பினர் ஒரே ஓர் இலக்கைத் தேர்ந்தெடுத்து, அதற்கு எவ்வளவு தேவை, எந்தத் தேதிக்குள் தேவை என்பதைச் சேரும்போதே சொல்லிவிடுவார். செய்தி அந்த ஓர் இலக்கைப் பற்றி மட்டுமே பேசும். திலிப் சோமன், மின் ஜாவ் ஆகிய இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பல இலக்குகளை ஒரே நேரத்தில் வைத்திருந்தவர்களைவிட ஒரே இலக்கை வைத்திருந்தவர்கள் கூடுதலாகச் சேமித்ததாகக் கண்டிருந்தனர். எங்கள் ஏற்பாடும் அந்த வழியில் அமைந்ததுதான். அதில் இன்றும் எங்களுக்கு ஐயமில்லை. இங்கே பதிவாகும் சிக்கல், அந்த ஓர் இலக்கை எந்த எண்ணால் சொன்னோம், அதை யாருடைய கண்ணில் படும்படி சொன்னோம் என்பதில் எழுந்தது.

உறுப்பினர் இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் பெண். தையல் கூடத்தில் வாரக் கூலிக்கு வேலை செய்பவர், சனிக்கிழமை பிற்பகலில் கூலி பெறுபவர். கணக்குப் பதிவியல் பயிற்சி ஒன்றில் சேர்வது அவருடைய இலக்கு. சேர்க்கைக்கு 25 வாரங்கள் இருந்தன. தொகைகளை இங்கே வெளியிட விரும்பாததால், முழுக் கட்டணத்தையும் 100 பங்கு என வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே தருகிறோம். வாரத்துக்கு 4 பங்கு சேமித்தால் 25-ஆவது வாரத்தில் கட்டணம் முழுவதும் சேர்ந்துவிடும் என்பது திட்டம். அவருடைய கூலிக்கு 4 பங்கு என்பது இயலக்கூடிய அளவு என்றாலும், அதற்கு மேல் எடுத்துவைக்கப் பெரும்பாலான வாரங்களில் இடமில்லை.

குடும்பத்தில் நால்வருக்கும் சேர்த்து ஒரே கைபேசிதான் இருந்தது. அந்த எண்ணைத்தான் அவர் படிவத்தில் எழுதியிருந்தார். அது யாருடைய கைபேசி என்று நாங்கள் கேட்கவில்லை.

முதல் எட்டு வாரங்கள்

திங்கட்கிழமை காலையில் செய்தி செல்லும். அதன் வடிவம் அப்போது இப்படி இருந்தது:

«சேமிப்பு நிலவரம்: இலக்கு 100, சேமித்தது 18 (18%), இவ்வாரம் வரை சேர வேண்டியது 36, நிலுவை 18.»

(இது 9-ஆவது வாரச் செய்தி. உண்மைச் செய்தியில் பங்குகளின் இடத்தில் பணத்தொகை இருந்தது.)

முதல் ஆறு வாரங்களில் அவர் ஒரு வாரமும் தவறாமல், ஒரு வாரம் 5 பங்கும் மற்ற வாரங்களில் 4 பங்குமாக, மொத்தம் 25 பங்கு சேர்த்திருந்தார். ஏழாவது வாரத்தில் முதல் பிழை நேர்ந்தது. சனிக்கிழமை மாலை வசூலரிடம் அவர் 4 பங்கு கொடுத்துச் சீட்டும் பெற்றுக்கொண்டார். ஆனால் வார இறுதியில் வசூலாகும் தொகை திங்கட்கிழமை நண்பகலில்தான் பேரேட்டில் ஏறும். செய்தியோ ஞாயிறு இரவுக் கணக்கை வைத்துத் திங்கள் காலையிலேயே போய்விடும். ஆகவே உண்மையில் 29 பங்கு சேர்த்துத் திட்டத்தைவிட 1 பங்கு முன்னால் நின்றவருக்கு, 25 பங்குதான் சேர்ந்துள்ளது என்றும் 3 பங்கு நிலுவை என்றும் செய்தி சென்றது. முந்தைய வாரங்களில் அவர் வெள்ளிக்கிழமைகளில் பணம் கொடுத்துவந்ததால் இந்த இடைவெளி வெளியில் தெரியாமல் இருந்தது. அவர் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். நாங்கள் வருத்தம் தெரிவித்துக் கணக்கைச் சரிபார்த்துக் காட்டினோம். ஆனால் செய்தி செல்லும் நேரத்தை மாற்றவில்லை. அது எங்கள் தவறு. தன் கையிலிருந்து போன பணத்தை ஒரு செய்தி இல்லை என்று சொல்லும்போது, அடுத்த செய்தியை நம்புவதற்கான காரணம் குறைந்துபோகிறது.

எட்டாவது வாரத்தின் முடிவில் அவரிடம் 33 பங்கு இருந்தது. திட்டப்படி 32 போதும்.

ஒன்பதாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை

ஒன்பதாவது வாரத்தில் அவர் 15 பங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இருப்பு 18-ஆகக் குறைந்தது. காரணம் கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை, பணம் அவருடையது. அந்த வாரம் புதிதாக ஒன்றும் சேரவில்லை. அடுத்த மூன்று வாரங்களிலும் சேரவில்லை.

அந்த நான்கு திங்கட்கிழமைகளிலும் எங்கள் செய்தி தவறாமல் சென்றது. சேமித்தது 18 என்பது மாறவில்லை; நிலுவை மட்டும் 18, 22, 26, 30 என்று ஏறிக்கொண்டே போனது. பிறகு அந்த நான்கு செய்திகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் படித்தபோதுதான், அவை சேமிப்பாளருக்கு எழுதப்பட்டவை போலவே இல்லை என்பது எங்களுக்கு உறைத்தது. கடன் வாங்கியவருக்குத்தான் நிலுவை இருக்கும். இவர் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. அவருடைய பணம் 18 பங்கு எங்களிடம் இருந்தது, அவ்வளவுதான். 'நிலுவை' என்ற சொல் கடன் பிரிவின் செய்தி வடிவத்திலிருந்து எடுத்துக்கொண்டது. எடுத்துப் போட்டவர்கள் நாங்களே.

பன்னிரண்டாவது வாரத்தின் முடிவில் எங்கள் களப்பணியாளர் ஒருவர் அவரை வீட்டில் சென்று பார்த்தார். உரையாடல் அரை மணி நேரம் நீடித்தது. அதில் தெரிந்த இரண்டு தகவல்கள் முக்கியமானவை.

ஒன்று, அவர் செய்திகளைத் திறப்பதையே நிறுத்தியிருந்தார். "கடன் கட்டாதவளுக்கு வர்ற மாதிரி வந்துச்சு. திறந்து பாக்கவே மனசு வரலைக்கா" என்று அவர் சொன்னதைக் களப்பணியாளர் அப்படியே குறித்துக்கொண்டார்.

மற்றொன்று, 15 பங்கு போன வழி. திங்கட்கிழமை காலையில் கைபேசி பெரும்பாலும் அவருடைய அண்ணன் கையில் இருக்கும். செய்தி வந்தவுடன், திறக்காமலேயே, முதல் சில சொற்கள் திரையில் தோன்றும். எங்கள் வடிவத்தில் முதலில் நின்றது இலக்குத் தொகையும் சேமித்த தொகையும்தான். தங்கையிடம் எவ்வளவு இருக்கிறது என்பது அண்ணனுக்கு வாரா வாரம் தெரிந்துகொண்டிருந்தது. கடைக்குச் சரக்கு எடுக்கப் பணம் முட்டுப்பட்டபோது அவர் கைமாற்றாகக் கேட்டார். இல்லை என்று சொல்வதற்குத் தங்கைக்கு வழியே இல்லாமல் போயிற்று. அண்ணன் கேட்டதில் குற்றம் காண எதுவுமில்லை. வீட்டுக்குள் அப்படித்தான் பணம் கைமாறும். ஆனால் கேட்பதற்கு முன்பே தொகையைத் தெரிவித்தது எங்கள் செய்தி. ஊக்கத்துக்காக அனுப்பிய எண், வீட்டில் இருப்பு அறிவிப்பாகப் பயன்பட்டிருந்தது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதலில் இலக்கைப் பற்றிப் பேசினோம். 82 பங்கு மீதி, 13 வாரம் மீதி என்னும்போது வாரத்துக்கு 6.3 பங்கு தேவைப்படும். அது அவரால் இயலாது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சேர்க்கைத் தேதியைத் தள்ளினால் அடுத்த அணியில்தான் சேர முடியும். அதை அவர் விரும்பவில்லை. பயிற்சி நிலையத்தில் நேரில் கேட்டபோது, கட்டணத்தை இரண்டு தவணையாகச் செலுத்தலாம் என்று தெரிந்தது: சேரும்போது 60 பங்கு, மூன்று மாதம் கழித்து 40 பங்கு. இதை முதல் நாளே கேட்டிருக்கலாம். அவர் 60 பங்கைத் தன் ஒரே இலக்காக மாற்றிக்கொண்டார். மீதி 42, வாரத்துக்கு 3.2 பங்கு. தேதி மாறவில்லை.

இங்கே ஒரு தயக்கம் எழுந்தது. 100-இல் 18 என்பது 18 விழுக்காடு. 60-இல் 18 என்பதோ 30 விழுக்காடு. பணம் ஒன்றும் சேராமல் எண் மட்டும் தாவுவது உண்மைக்கு மாறான முன்னேற்றமாகாதா என்று எங்களில் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. விழுக்காட்டையே செய்தியிலிருந்து எடுத்துவிட்டோம். புதிய இலக்கு முதல் தவணைக்கு மட்டுமானது என்பதை உறுப்பினரின் கையேட்டில் அவர் கையாலேயே எழுதிக்கொள்ளச் செய்தோம்.

அடுத்து, நிலுவை என்ற எண்ணை நீக்கினோம். அதன் இடத்தில், மீதியை மீதி வாரங்களால் வகுத்து, வரும் விடையை அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தி, 'இந்த வாரம் இவ்வளவு' என்று சொல்வதென முடிவு செய்தோம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சொல்லில் மட்டும் இல்லை. நிலுவைக் கணக்கு தவறிய வாரத்தை அப்படியே சுமந்துகொண்டு வருகிறது; ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் இரட்டிப்பாகக் கேட்கிறது. மறுவகுப்புக் கணக்கு, தவறியதை மீதமுள்ள எல்லா வாரங்களின் மேலும் பரப்பிவிடுகிறது. இலக்குத் தேதி நெருங்கிய பிறகு வாரம் தவறினால் பரப்புவதற்கு வாரங்கள் இருக்காது, எண் சட்டென்று ஏறும் என்ற குறை இதற்கு உண்டு. முழு எண்ணுக்கு உயர்த்துவது அதற்கு ஓரளவு கைகொடுக்கும் என்று கருதினோம்.

மூன்றாவதாக, செய்தியில் பணத்தொகையே வரக்கூடாது என்று தீர்மானித்தோம். இலக்கின் பெயரும் வரக்கூடாது. ஆனால் இலக்கை அறவே மறைத்துவிட்டால் செய்தி வெறும் நினைவூட்டலாகிவிடும். பொலிவியா, பெரு, பிலிப்பைன்ஸ் ஆகிய மூன்று நாடுகளில் டீன் கார்லனும் மற்றவர்களும் நடத்தி 2016-இல் வெளியிட்ட கள ஆய்வில், சேமிப்பு நினைவூட்டல்கள் பயன் தந்ததோடு, சேமிப்பின் குறிப்பிட்ட நோக்கத்தை நினைவுபடுத்தியவை கூடுதல் பயன் தந்தன என்று தெரியவந்திருந்தது. எனவே தனக்கு மட்டும் பொருள் விளங்கும் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும்படி அவரையே கேட்டோம். அவர் 'படிக்கட்டு' என்றார். பயிற்சி நிலையம் மாடியில் இருக்கிறது. ஒரு பங்கு ஒரு படி. வேறொருவர் படித்தால் அது பணத்தைப் பற்றிய செய்தி என்பதே தெரியாது.

நான்காவதாக, செய்தியின் நாள். திங்கள் காலையில் அவர் கையில் கூலி இருப்பதில்லை. சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில் செய்தி செல்லும்படி மாற்றினோம். கணக்கு வெள்ளி இரவோடு எடுக்கப்படும். முந்தைய சனிக்கிழமை கொடுத்த பணம் அதற்குள் பேரேட்டில் ஏறிவிட்டிருக்கும் என்பதால், ஏழாவது வாரப் பிழையும் இதனாலேயே தீர்ந்தது. சனிக்கிழமைகளில் அண்ணன் கடையிலேயே இருப்பார், கைபேசி வீட்டில் இருக்கும் என்பதும் அவர் சொன்னதுதான்.

செய்தியின் நீளம்

இதைத் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு. உரோமன் எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடங்கள் கிடைக்கும். தமிழில் எழுதினால் 70 இடங்கள்தான். அதிலும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும்: 'சே' இரண்டு இடம், 'ப்' இரண்டு இடம். 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டுக்கும் 67 இடமே மிஞ்சும். மேலே தந்த பழைய வடிவம், பங்குகளாகச் சுருக்கிய நிலையிலேயே 91 இடம், அதாவது இரண்டு துண்டு. அவருடைய பழைய கைபேசியில் அந்தத் துண்டுகள் சில நேரம் தனித்தனிச் செய்திகளாகவே வந்து, 'நிலுவை' கொண்ட வால் முதலில் வந்துசேர்ந்ததும் உண்டு.

புதிய வடிவம் 59 இடங்களுக்குள் அடங்கியது:

«படிக்கட்டு: 60 படியில் 21 ஏறியாயிற்று. இந்த வாரம் 4 போதும்.»

பாதி கடந்த பிறகு வடிவம் மாறும்:

«படிக்கட்டு: இன்னும் 28 படி, 8 வாரம். இந்த வாரம் 4 போதும்.»

இந்த மாற்றத்துக்கு, மின்ஜங் கூ, அயலட் ஃபிஷ்பாக் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட கருத்து அடிப்படை. தொடக்கத்தில் செய்து முடித்தது சிறிது, செய்ய வேண்டியது பெரிது. முடிவை நெருங்கும்போது செய்ய வேண்டியது சிறிது. எந்தப் பக்கம் சிறிதோ அந்தப் பக்கத்தைக் காட்டினால் அடுத்த அடி பெரிதாகத் தெரியும் என்பது அவர்கள் கண்டது. 21 படியோடு 4 படி சேர்வது கண்ணுக்குத் தெரியும். 39 படியிலிருந்து 4 குறைவது அவ்வளவாகத் தெரியாது.

தொடர்ந்து நடந்தவை

13-ஆவது வாரத்தில் அவர் 3 படி ஏறினார், இருப்பு 21. அடுத்த இரண்டு வாரங்களில் 4, 3. பதினாறாவது வாரம் ஒன்றும் சேரவில்லை. எங்களுக்கு அதுவே உண்மையான சோதனையாகத் தோன்றியது, ஏனெனில் முதல் முறை ஒரு வாரம் தவறியதும் தொடர்ந்து நான்கு வாரம் தவறியிருந்தது. பழைய வடிவமாக இருந்தால் நிலுவை 4 கூடியிருக்கும். புதிய கணக்கில், தவறுவதற்கு முன் 32 படியும் 10 வாரமும் மீதி என்பதால் வாரத்துக்கு 3.2, தவறிய பின் அதே 32 படிக்கு 9 வாரம், 3.56. முழு எண்ணுக்கு உயர்த்தினால் இரண்டுமே 4. ஆகவே தவறிய வாரத்துக்கு அடுத்த செய்தியும் முந்தைய செய்தியைப் போலவே 'இந்த வாரம் 4 போதும்' என்றது. பதினேழாவது வாரத்தில் அவர் 4 படி ஏறினார். பாதியைக் கடந்து 32-இல் நின்றார். செய்தி மீதியைக் காட்டும் வடிவத்துக்கு மாறியது.

அதன் பிறகு எந்த வாரமும் தவறவில்லை. 20-ஆவது வாரத்தில் 43, 23-ஆவது வாரத்தில் 55. கடைசி வாரச் செய்தி 2 படி கேட்டது. அவர் 2 படி கொடுத்தார். 25-ஆவது வாரத்தில் 60 பங்கையும் பெற்றுக்கொண்டு முதல் தவணையைச் செலுத்திச் சேர்ந்துவிட்டார்.

அண்ணன் மறுபடி பணம் கேட்கவில்லை. கேட்கத் தேவை எழவில்லையா, இருப்பது தெரியவில்லையா என்பதை நாங்கள் பிரித்துச் சொல்ல முடியாது. நாள், வடிவம், கணக்கு, இலக்கு ஆகிய நான்கையும் ஒரே வாரத்தில் மாற்றினோம். எது எவ்வளவு பயன் தந்தது என்பதும் இந்த ஒரு நிகழ்விலிருந்து தெரியாது. களப்பணியாளர் வீடு தேடிச் சென்று அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியதே பெரும்பங்கு வகித்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

மாற்ற வேண்டியவை

இப்போது சேர்க்கைப் படிவத்தில் மூன்று கேள்விகள் சேர்ந்துள்ளன: இந்தக் கைபேசியை வேறு யார் எடுப்பார்கள், கூலி எந்த நாளில் வரும், இலக்குத் தொகையைப் பிரித்துச் செலுத்த வழியுண்டா. முதல் கேள்விக்குப் பலர் தயங்கியே பதில் சொல்கிறார்கள் என்பதால், அதைப் படிவத்தில் எழுதச் சொல்லாமல் வாய்மொழியாகக் கேட்கிறோம். சொந்தக் கைபேசி வைத்திருப்பவர்களில் சிலர் தொகையையே நேராகப் பார்க்க விரும்புகிறார்கள். அவர்களுக்குப் படிக்கணக்கைத் திணிப்பதில்லை. இருப்பைத் திரும்ப எடுத்த வாரத்தில் தானியங்கிச் செய்தி செல்லாது; களப்பணியாளர் பேசிய பிறகே அடுத்த செய்தி செல்லும். நான்கு வாரம் காத்திருந்தது மிக நீண்ட காலம்.

'போதும்' என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருப்பதைச் சேர்க்கைக்குப் பின் அவரே சுட்டிக்காட்டினார். இருபதாவது வாரத்தில் கூடுதல் நேர வேலைக்கான கூலி கிடைத்து, 8 படிக்கான பணம் அவர் கையில் இருந்தது. செய்தி 4 போதும் என்றது. அவர் 4 கொடுத்தார். மீதிப் பணம் வீட்டுச் செலவில் கரைந்துபோயிற்று. நெருக்கடியான வாரத்தில் மனத்தை ஆற்றிய அதே சொல், கையில் பணமிருந்த வாரத்தில் கையைத் தடுத்திருக்கிறது. அவருடைய கூலி எந்த வாரம் கூடும் என்பது எங்களுக்குத் தெரிய வழியில்லாததால், எண்ணை மாற்றாமல் சொல்லை மட்டும் மாற்றியிருக்கிறோம். இரண்டாம் தவணைக்கான 40 படிக்கு இப்போது செல்லும் செய்தி 'இந்த வாரம் 4, முடிந்தால் கூடுதல்' என்று முடிகிறது. ஐந்து வாரம் ஆகிறது. ஒரு வாரம் 6 கொடுத்திருக்கிறார். மற்ற நான்கு வாரங்களிலும் 4.